ஹோமப் புகையும் ஒரு ஸ்லைடரும்

அண்ணன் மகள் கல்யாணத்தில் நான் எடுத்த படங்களில் ஒன்றை மட்டும் மூன்று முறை எடிட் செய்தேன். காலை ஐந்தரை மணி முகூர்த்தம். வீட்டு முற்றத்தில் பந்தல். இன்னும் விடியவில்லை, வீடியோ லைட்டும் போடவில்லை. ஹோம குண்டத்தில் நெய் விட்டதும் தீ எழுந்து, புகை மணப்பெண்ணின் முகத்தை நோக்கிச் சாய்ந்த நொடியில் எடுத்தது. படம் ரா ஃபைலாக இருந்தது. கம்ப்யூட்டரில் திறந்தபோது எல்லாம் மங்கலாகவும் இருட்டாகவும் தெரிந்தது. Dehaze ஸ்லைடரை 35 வரைக்கும், Shadows ஸ்லைடரை 80 வரைக்கும் இழுத்தேன். முகம் பளிச்சென்று துலங்கியது. அன்றிரவே மணப்பெண்ணுக்கு அனுப்பினேன்.

மறுநாள் அவள் போன் செய்தாள். “சித்தப்பா, இந்தப் போட்டோல நான் ஏன் அழுதுட்டு இருக்கேன்? அன்னைக்கு நான் அழவே இல்லையே. புகைதானே கண்ணுல பட்டுச்சு.”

படத்தைத் திரும்பப் பார்த்தேன். கலங்கிய கண்கள் இருந்தன, சிவந்த மூக்கு நுனி இருந்தது. புகை மட்டும் இல்லை. காரணத்தைத் துடைத்துவிட்டு விளைவை விட்டுவைத்திருந்தேன். பார்ப்பவர் அந்தக் கண்ணீருக்கு வேறு காரணம்தான் தேடுவார்.

பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் விதி ஒன்று உண்டு: படத்தில் எதையும் சேர்க்காதே, எதையும் நீக்காதே, வெளிச்சத்தையும் நிறத்தையும் மட்டும் அளவாகத் திருத்து. இந்த விதிப்படி நான் குற்றம் எதுவும் செய்யவில்லை. குளோன் கருவியைத் தொடவில்லை, யாரையும் அழிக்கவில்லை. ஆனாலும் படம் பொய் சொன்னது.

விதியைக் குறைத்துச் சொல்லவும் முடியாது. 2006 ஆகஸ்டில் பெய்ரூட்டில் குண்டுவீச்சுக்குப் பின் எழுந்த புகையை அட்னான் ஹஜ் என்ற புகைப்படக்காரர் குளோன் கருவியால் பெருக்கிக் காட்டினார். ஒரே வளைவு, ஒரே சுருள் படத்தில் திரும்பத் திரும்ப வந்தது; வாசகர்களே அதைக் கண்டுபிடித்தார்கள். ராய்ட்டர்ஸ் அவர் எடுத்த 900-க்கும் மேற்பட்ட படங்களைத் திரும்பப் பெற்றது. அங்கே விதி தன் வேலையைச் செய்தது. அதன் பலம் இதுதான்: மூல ஃபைலையும் வெளியான படத்தையும் அருகருகே வைத்தால் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். யாருடைய ரசனையையும் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் சேர்த்த புகையைப் பிடிக்கும் அந்த விதி, நான் துடைத்துவிட்ட புகையைப் பிடிக்காது. Dehaze என்ன செய்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். புகையோ பனியோ காட்சியின் மேல் ஒரு வெண்திரை போல் படிந்து கருமையை வெளிறச் செய்கிறது. அந்தத் திரை எங்கே எவ்வளவு தடிமன் என்று மென்பொருள் கணித்து அதைக் கழிக்கிறது; நிற அடர்த்தியும் கூடவே ஏறுகிறது. தூரத்து மலையை எடுத்த படத்துக்கு இது நல்ல உதவி. புகையே நிகழ்ச்சியின் பங்காக இருக்கும் இடத்திலும் அது அதே கணக்கைத்தான் போடும். எது தடங்கல், எது சம்பவம் என்று அதற்குத் தெரியாது.

பால் ஹன்சன் என்ற புகைப்படக்காரர் எடுத்த படத்தைச் சுற்றி எழுந்த சர்ச்சையும் இந்த இடைவெளியில்தான் விழுந்தது. 2012 நவம்பரில் காசாவில், இறந்த இரண்டு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் ஒரு சந்தில் நடந்து வரும் படம் அது. அந்த ஆண்டின் உலகப் பத்திரிகைப் படப் பரிசு அதற்குக் கிடைத்தது. முகங்களில் விழுந்த வெளிச்சம் சினிமாபோல் இருக்கிறது, பல படங்களை ஒட்டியிருப்பார் என்று சிலர் குற்றம் சாட்டினார்கள். 2013 மே மாதம் நிபுணர்கள் மூல ஃபைலை ஆராய்ந்து, ஒட்டுவேலை இல்லை, நிறத்திலும் வெளிச்சத்திலும்தான் திருத்தம் என்றார்கள். ஹன்சன் மீதான குற்றச்சாட்டு விழுந்தது, விழ வேண்டியதுதான். என் மனக்குறை மட்டும் போகவில்லை. உயர்ந்த சுவர்களுக்கு நடுவே ஒரு குறுகிய சந்தில் ஒருவர் முகம் வெளிச்சத்திலும் இன்னொருவர் முகம் நிழலிலும்தான் இருக்கும். எல்லா முகத்துக்கும் வெளிச்சத்தைச் சமமாகப் பங்கிட்டால் சந்து சந்தாக இருப்பதில்லை. அந்தத் துயரத்துக்கு அந்த மெருகு தேவையே இல்லை.

“அப்படியானால் எடிட் செய்யாமலே விட்டுவிடலாமே” என்பவர்களுக்கும் என்னால் தலையாட்ட முடியவில்லை. ரா ஃபைல் என்பது சென்சார் அளந்த ஒளியின் கணக்கு. யாராவது முடிவெடுத்தால்தான் அது படமாகும். கேமரா தரும் ஜேபெக்கிலும் அந்த முடிவுகள் இருக்கின்றன, எடுத்தது கேமரா கம்பெனி என்பதுதான் வித்தியாசம். என் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலுக்கான 5500 கெல்வினில் நிறத்தை வைத்தால் தீயொளி முழுக்கக் காவியாகக் கொட்டியது. அன்று யார் கண்ணிலும் அப்படி இல்லை, ஏனென்றால் கண் சற்று நேரத்தில் மஞ்சள் வெளிச்சத்துக்குப் பழகிவிடும். 2000-க்கு அருகே இறக்கினால் வேட்டி சுத்த வெள்ளையானது, முகம் நண்பகலில் எடுத்ததுபோல் ஆனது. பழகிய கண்ணும் தீயின் மஞ்சளை முழுக்க மறப்பதில்லை. 3300-இல் நிறுத்தியபோதுதான் முகத்தில் விளக்கேற்றிய வீட்டின் பொன்னிறம் வந்தது.

ஆகவே “எதைத் தொட்டாய்” என்று கேட்பதோடு நான் நிற்பதில்லை. வெளிச்சம் எங்கிருந்து வந்தது, எது மிகவும் பிரகாசமாக இருந்தது, எது தெரியாமல் இருந்தது என்ற மூன்றையும் கேட்கிறேன். முதல் எடிட்டில் தீக்குப் பின்னால் இருந்த பந்தல் துணி தீயளவுக்கு வெளுத்திருந்தது. தலைமுடியின் ஓரத்தில் ஒரு வெளிறிய கோடு ஓடியது. நிழலை மிகையாகத் தூக்கியதன் அடையாளம் அது. கறுப்பாக இருக்க வேண்டிய தூண் மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. நொடி தொலைந்துகொண்டிருப்பதை இவையே சொல்லிக்கொண்டிருந்தன. நான்தான் முகத்தின் தெளிவிலேயே கண்ணை வைத்திருந்தேன்.

இரண்டாம் முறை Dehaze-ஐ சுழியத்துக்குக் கொண்டுவந்தேன். புகை திரும்பியது, கண்ணீருக்குக் காரணமும் திரும்பியது. Shadows 15 போதுமாக இருந்தது. அண்ணனுக்கு அனுப்பினேன். “இது சரி” என்றவர், கொஞ்சம் பொறுத்து, “அம்மா எங்கடா?” என்றார்.

தூணுக்குப் பின்னால் அம்மா நின்றுகொண்டிருந்தார். முதல் எடிட்டில் நன்றாகவே தெரிந்தார், இதில் இருட்டோடு இருட்டாகப் போயிருந்தார். அன்று பந்தலில் இருந்தவர்கள் கண்ணுக்கு அந்த மூலை இருட்டுதான். ஆனால் அண்ணனுக்கு அவர் அங்கே நிற்பது தெரியும், எனக்கும் தெரியும். கேமரா ஒரே அளவில் பார்க்கிறது. நம் கண்ணோ தீயைப் பார்த்துவிட்டு இருட்டுக்குத் திரும்பினால் மெல்ல அங்கேயும் துழாவிப் பார்க்கும். மூலையைத் திறப்பதற்கு நியாயம் இருந்தது, பந்தல் முழுவதையும் திறப்பதற்குத்தான் இல்லை.

மூன்றாம் முறை அந்தத் தூணோரத்தை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுத்து, முகத்தின் விளிம்பும் மூக்குத்தியும் தெரியும் அளவுக்குக் கொஞ்சமாகத் தூக்கினேன். ஆல்பத்தில் இருப்பது அதுதான். அம்மாவைத் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். மற்றவர்கள் புகையையும் பெண்ணையும் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள்.