தன்விவரக் குறிப்பில் ஆசிரியர் வரிசையும் ஒரே கட்டுரையின் பல பதிவுகளும்

முன்னுரை

சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் அமைந்த சேலம், நாமக்கல் மாவட்டக் கல்லூரிகளில் தமிழாய்வு மேற்கொள்வோர், பணி நேர்காணலுக்குச் செல்லும்போது வெளியீட்டுப் பட்டியலுடன் கூடிய தன்விவரக் குறிப்பை அளிக்கின்றனர். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி இணைப் பேராசிரியர் பணிக்கு ஏழு வெளியீடுகளும் 75 ஆய்வு மதிப்பெண்ணும் தேவை. எனவே பட்டியலின் ஒவ்வொரு வரியும் மதிப்பெண்ணாக மாறுகிறது.

ஒன்று மூன்றாதல்

கொல்லிமலை வழிபாட்டு மரபு குறித்த ஒரு கட்டுரையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அது மாநிலக் கருத்தரங்கில் படிக்கப்படுகிறது. கருத்தரங்கத் தொகுப்பில் இயலாக அச்சேறுகிறது. பின்னர் நெறியாளர் பெயரும் சேர்ந்து, தலைப்பில் ஓரிரு சொற்கள் மாறி, மதிப்பாய்வு இதழில் வெளிவருகிறது. பட்டியலில் இவை மூன்று தலைப்புகளின்கீழ் இடம்பெறுகின்றன. கோரப்படும் மதிப்பெண் முறையே 2, 5, 10, கூடுதல் 17.

நெறிமுறையோ, படித்த கட்டுரை தொகுப்பிலும் இடம்பெற்றால் ஒருமுறையே கோரலாம் என்கிறது. இருவர் எழுதிய கட்டுரைக்கு ஒவ்வொருவருக்கும் 70 விழுக்காடு, அதாவது 7 மட்டுமே உரியது. இயலும் இதழ்க்கட்டுரையும் ஒரே உள்ளடக்கம் எனில், நேர்மையான கணக்கு 7 என்பதே. மேற்கோள்கள், தகவலாளிகள், களப்பணி நாள்கள் ஆகியவற்றை ஒப்பிட்டால் இம்மறுபதிப்பு தெளிவாகும். தொகுப்பு பெற்றுள்ள பன்னாட்டுத் தர நூல் எண் அந்நூலை அடையாளப்படுத்துமேயன்றி, அது மதிப்பாய்வு செய்யப்பட்டதைச் சான்றளிக்காது.

பெயர் நிற்கும் இடம்

மூவர் எழுதிய இதழ்க்கட்டுரையில் முதல் ஆசிரியரும் தொடர்பாசிரியரும் 70 விழுக்காடு பெறுவர். ஏனையோர் 30 விழுக்காடு பெறுவர். இதழில் மூன்றாவதாக உள்ள தம் பெயரைப் பட்டியலில் முதலாவதாக எழுதுபவர் 3 மதிப்பெண்ணை 7 ஆக்குகிறார். ஐந்து கட்டுரைகளில் இது நிகழ்ந்தால் வேறுபாடு 20. ‘மற்றும் பிறர்’ என்னும் தொடரும் இவ்வாறே இடத்தை மறைக்கிறது. ஆகவே இதழின் முதற்பக்கத்தோடு ஒப்பிடாமல் எந்தப் பதிவையும் ஏற்றல் பொருந்தாது.

நெறிமுறைக்கும் ஓர் எல்லை உண்டு. பெயரின் இடத்தை அது அளக்கிறதேயன்றி, மலையேறித் தரவு திரட்டியவர் யார் என வினவுவதில்லை. நெறியாளர் பெயர் மரபு கருதி முதலில் நிற்க, இருவருக்கு மேற்பட்ட கட்டுரையில் மாணவர் தொடர்பாசிரியராகவும் குறிக்கப்படாவிடின், களப்பணியாளரே 30 விழுக்காட்டுக்குள் அடங்கிவிடுகிறார்.

முடிவுரை

இதழ்க்கட்டுரை, நூல் இயல், கருத்தரங்க உரை ஆகியவற்றைத் தனித்தனியே, அண்மையது முதலாக வரிசைப்படுத்துதல். ஆசிரியர் பெயர்களை அச்சில் உள்ளவாறே தருதல். மறுபதிப்பை முதற்பதிவின்கீழ்க் குறித்தல். மதிப்பாய்வில் உள்ளவற்றை வெளிவந்தவற்றோடு கலவாமை ஆகியன தேவை. ஒவ்வொரு கூட்டுக் கட்டுரைக்கும் கீழே ‘களப்பணி, முதல் வரைவு: விண்ணப்பதாரர்; ஆய்வுத் திட்டம், திருத்தம்: நெறியாளர்’ என ஒரு வரி சேர்ப்பின், வரிசை சொல்லாததை அவ்வரி சொல்லிவிடும். அத்தகைய பட்டியல் சுருங்கலாம். ஆயினும் நேர்காணலில் எழும் வினா எதற்கும் அது விடைதரும்.