ஆறு காட்டுவதும் மறைப்பதும்

60-ஐ எந்த வழியில் உடைத்தாலும் கடைசியில் 2, 2, 3, 5 என்ற பகா எண்கள்தான் மிஞ்சும். வரிசை மாறலாம், எண்கள் மாறா. பத்தாம் வகுப்பில் அடிப்படை எண்ணியல் தேற்றம் என்று படித்தது இதைத்தான். வேறு எண் உலகங்களில் இது பொய்த்துப்போகும் என்று காட்ட, பாடநூல்கள் பெரும்பாலும் ஒரே எடுத்துக்காட்டைத்தான் எடுக்கின்றன. a, b முழு எண்களாக இருக்க, a + b√−5 என்ற வடிவில் அமையும் எண்களின் வளையம் அது. டெடகிண்ட் 1870-களிலேயே கையாண்ட வளையம். அங்கே 6 = 2 × 3; அதே 6 = (1 + √−5)(1 − √−5). இந்த எடுத்துக்காட்டு சிறந்ததுதான். ஆனால் அதை வழக்கமாகச் சொல்லும் முறை பாதி உண்மையோடு நின்றுவிடுகிறது என்பது என் வாதம்.

முதலில் அதன் பலம். இரண்டு பெருக்கல்களை எழுதிவிட்டதாலேயே எதுவும் நிறுவப்படவில்லை. 12-ஐக்கூட 3 × 4 என்றும் 2 × 6 என்றும் எழுதலாமே! அங்கே 4-ஐயும் 6-ஐயும் மேலும் உடைக்க முடியும். இங்கே முடியாது என்று காட்டியாக வேண்டும். அதற்கு ஒரு எளிய அளவுகோல் இருக்கிறது: a + b√−5 என்ற எண்ணின் நெறிமம் a² + 5b². இரு எண்களைப் பெருக்கினால் அவற்றின் நெறிமங்களும் பெருகும். 2-இன் நெறிமம் 4, 3-இன் நெறிமம் 9, 1 ± √−5 ஆகிய இரண்டின் நெறிமமும் 6. இந்த நான்கில் எது உடைந்தாலும் 2 அல்லது 3-ஐ நெறிமமாகக் கொண்ட ஒரு துண்டு கிடைக்க வேண்டும். a² + 5b² = 2 என்றால் b சுழியாகத்தான் இருக்க முடியும்; பிறகு a² = 2 ஆக வேண்டும், அப்படி முழு எண் கிடையாது. 3-க்கும் இதே கதி. ஆக, நான்கும் உடையாதவை. அடுக்கடுக்கான கோட்பாடு எதுவும் இல்லாமல், பள்ளிக் கணக்கை வைத்தே இவ்வளவும் முடிந்துவிடுகிறது.

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது. a + bi என்ற காஸ் முழு எண்களில் 5 = (2 + i)(2 − i) = (1 + 2i)(1 − 2i). நான்கு காரணிகளும் உடையாதவை. இருந்தும் தேற்றம் அங்கே பழுதில்லாமல் நிற்கிறது. காரணம், 1 + 2i என்பது 2 − i-ஐ i-யால் பெருக்கியதுதான். நெறிமம் 1 கொண்ட i போன்ற எண்கள் ‘அலகுகள்’. 5-ஐ (−1)(−5) என்று எழுதுவதைப் புதுக் காரணிப்படுத்தல் என்று யாரும் சொல்வதில்லை அல்லவா, அதே கதைதான். √−5 வளையத்தில் அலகுகள் +1, −1 இரண்டு மட்டுமே. 2-ஐ அவற்றால் பெருக்கி 1 + √−5-ஐப் பெற முடியாது. இந்த ஒரு வரி விடுபட்டால் நிரூபணமே ஓட்டையாகிவிடும்.

‘வளையத்தில் சில எண்களைச் சேர்க்காமல் விட்டதால் வந்த கோளாறாக இருக்கலாமே’ என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. √−3 வளையத்தில் 4 = 2 × 2 = (1 + √−3)(1 − √−3) என்று வரும் சிக்கல் அப்படிப்பட்டதுதான். (1 + √−3)/2 என்ற எண் x² − x + 1 = 0 என்ற சமன்பாட்டின் தீர்வு. அதையும் உள்ளே சேர்த்துக்கொண்டால் அது அலகாகிவிடும், சிக்கலும் போய்விடும். ஆனால் (1 + √−5)/2 என்ற எண்ணின் சமன்பாடு x² − x + 3/2 = 0; பின்னம் வந்துவிட்டதால் அது முழு எண்ணாகக் கணக்கில் வராது. √−5 வளையத்தில் சேர்க்க வேண்டியது எதுவும் பாக்கியில்லை. பழுது உண்மையானது.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது, ஏனோ அதிகம் பேசப்படாதது. ஆறின் இரண்டு பிரிப்புகளிலும் இரண்டிரண்டு காரணிகள். இதை மட்டும் பார்த்தவர், காரணிகள் மாறினாலும் எண்ணிக்கை மாறாது என்றே நினைத்துக்கொள்வார். இந்த வளையத்தில் அது மெய்யும்கூட: இதன் வகுப்பெண் 2, வகுப்பெண் 2-ஐத் தாண்டாத இத்தகைய வளையங்களில் எண்ணிக்கை மாறாது என்று கார்லிட்ஸ் 1960-இல் நிறுவினார். √−14 வளையத்துக்குப் போனால் நிலைமை வேறு. அதன் வகுப்பெண் 4. அங்கே 81 = 3 × 3 × 3 × 3; அதே 81 = (5 + 2√−14)(5 − 2√−14). ஒருபுறம் நான்கு, மறுபுறம் இரண்டு. தேற்றம் எவ்வளவு மோசமாகச் சிதையும் என்பதற்கு ஆறு ஒரு மென்மையான மாதிரி மட்டுமே.

தொடக்க வகுப்புக்கு 81 அதிகம் என்பார்கள். நான் ஏற்கவில்லை. a² + 14b² என்ற நெறிமம் 3 ஆகாது, 27-உம் ஆகாது. 9 ஆக வேண்டுமானால் எண் ±3-ஆகத்தான் இருக்க வேண்டும். ±3-ஐத் தம்முள் பெருக்கினால் ±9 வருமே தவிர 5 ± 2√−14 வராது. ஆறுக்குப் பயன்பட்ட அதே அளவுகோல், கூடுதலாக மூன்று வரி. கரும்பலகையில் ஆறுக்குக் கீழேயே 81-ஐயும் எழுத இடமிருக்கிறது.