சேரும்போது தருவது, பிரியும்போது கேட்பது

போன மாதம் அண்ணன் மகள் ஓர் ஆஃபர் லெட்டரை எனக்கு அனுப்பி, "சித்தப்பா, கையெழுத்துப் போடலாமா, பார்த்துச் சொல்லுங்க" என்றாள். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. ஆண்டுக்கு 26 லட்சம் சம்பளம், அதற்கு மேல் ஜாயினிங் போனஸ் 6 லட்சம். மொத்தம் பதினொரு பக்கம். நான் நின்றது ஆறாம் பக்கத்தில் இருந்த ஒரு பத்தியில். ஆங்கிலத்தில் இருந்த அதன் சாரம் இது: சேர்ந்த நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் எக்காரணத்தாலும் பணி முடிவுக்கு வந்தால், ஜாயினிங் போனஸ் முழுவதையும், அதற்கு முந்தைய 12 மாதங்களில் வாங்கிய பெர்ஃபார்மன்ஸ் போனஸையும் பணியாளர் திருப்பித் தர வேண்டும், கடைசிக் கணக்கில் நிறுவனம் அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

இதைத்தான் க்ளாபேக் என்கிறார்கள். கொடுத்ததை நிபந்தனையின் பேரில் திரும்ப வாங்கும் பிரிவு. இரண்டு வேறு வகைப் பணத்தை ஒரே பத்தியில் கட்டியிருந்ததுதான் எனக்கு முதலில் உறுத்தியது. தனித்தனியே பார்த்தால் ஒன்றில் நியாயம் இருக்கிறது, மற்றதில் இல்லை.

ஜாயினிங் போனஸில் நிறுவனத்தின் பக்கம் நிஜமாகவே ஒரு வாதம் உண்டு. அந்த 6 லட்சம் செய்த வேலைக்கான கூலி அல்ல. இவள் இனிமேல் இரண்டு ஆண்டாவது இருப்பாள் என்ற எதிர்பார்ப்பில் முன்கூட்டியே கொடுத்த பணம். வாங்கிக்கொண்டு மூன்றாம் மாதமே வேறு இடத்துக்குப் போனால், கொடுத்தவர் திருப்பிக் கேட்பதை யாரும் அநியாயம் என்று சொல்ல முடியாது. ஆனால் பணியாளர் பக்கத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும். பழைய இடத்தில் மார்ச்சில் கைக்கு வரவேண்டிய போனஸை விட்டுவிட்டு வந்ததற்கும், நோட்டீஸ் பீரியட் முடியாமல் கிளம்பக் கட்டிய பணத்துக்கும் ஈடாகத்தான் பல சமயம் இது கொடுக்கப்படுகிறது. என் அண்ணன் மகள் விஷயத்திலும் அப்படித்தான். ஆக, நிறுவனம் கேட்பது முழுக்க இலவசமாய்க் கொடுத்த பணத்தை அல்ல. திருப்பிக் கேட்கலாமா என்பது பெரிய கேள்வி இல்லை. எவ்வளவு, எப்போது, யார் பிரிந்தால் என்பதுதான் கேள்வி.

முதலில் 'முழுவதையும்' என்ற சொல். 17 மாதம் வேலை செய்துவிட்டு இவள் விலகுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். 24 மாதத்துக்கு 6 லட்சம் என்றால் மாதத்துக்கு 25,000. பாக்கி 7 மாதம். மாதவாரியாகக் கழித்தால் திருப்பித் தரவேண்டியது 1,75,000 ரூபாய். லெட்டரில் உள்ளபடி 6,00,000. இருபத்து மூன்றாம் மாதத்தின் கடைசி நாளில் போனாலும் அதே 6 லட்சம், இரண்டாம் மாதத்தில் போனாலும் அதே 6 லட்சம். நிறுவனத்தின் நஷ்டம் மாதாமாதம் குறைந்துகொண்டே வரும்போது, கேட்கும் தொகை மட்டும் குறையாமல் நின்றால், அது நஷ்டத்துக்கான ஈடாக இல்லாமல் போகிறவளுக்கான அபராதமாகி விடுகிறது.

வரியைச் சேர்த்துப் பார்த்தால் இது இன்னும் மோசமாகிறது. ஜாயினிங் போனஸ் சம்பள வருமானம். கொடுக்கும்போதே டிடிஎஸ் பிடித்துவிடுவார்கள். இவளுடைய சம்பளத்தில் அது 30 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும், ஆக 31.2 சதவீதம். 6 லட்சத்தில் 1,87,200 ரூபாய் அரசுக்குப் போய், கைக்கு வருவது 4,12,800 மட்டும். முழுத் தொகையைத் திருப்பிக் கேட்டால், அவள் கண்ணால் பார்க்காத 1,87,200 ரூபாயைத் தன் சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்ட வேண்டும்.

அதே நிதியாண்டில் விலகினால் இதைச் சரிசெய்வது எளிது. நிறுவனம் அந்தத் தொகையை மொத்தச் சம்பளத்திலிருந்து கழித்து டிடிஎஸ்ஸைத் திருத்திவிடலாம். மார்ச் 31 தாண்டிவிட்டால் பழைய ஆண்டின் கணக்கு மூடியிருக்கும். திருப்பிக் கட்டிய தொகையை நடப்பாண்டுச் சம்பளத்தில் கழித்து ஃபார்ம் 16இல் காட்டச் சில நிறுவனங்கள் சம்மதிக்கும், பல சம்மதிப்பதில்லை. நோட்டீஸ் காலத்துக்காகப் பிடித்த தொகையைச் சம்பள வருமானத்தில் கழித்துக்கொள்ள அகமதாபாத் வருமான வரித் தீர்ப்பாயம் அனுமதித்திருக்கிறது. ஆனால் அந்த வழியில் போக வேண்டியவர் பணியாளர்தான், தன் செலவில். அதனால் 'வரி போகக் கைக்கு வந்த தொகை' என்ற சொற்கள் லெட்டரிலேயே இருக்க வேண்டும். அந்தக் கணக்கில், 17 மாதத்தில் விலகினால் இவள் தரவேண்டியது 1,20,400 ரூபாய்தான். 6 லட்சத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் முழுவதும் மூன்று நான்கு சொற்களில் அடங்கியிருக்கிறது.

அடுத்து 'எக்காரணத்தாலும்'. ஆட்குறைப்பு என்று நிறுவனமே வீட்டுக்கு அனுப்பினாலும் இந்தச் சொல் பொருந்தும். கடும் நோயில் வேலையை விட்டாலும் பொருந்தும். இருப்பேன் என்ற வாக்கைத் தானே மீறியவரிடம் கேட்பதற்கும், இருக்க விடாமல் அனுப்பப்பட்டவரிடம் கேட்பதற்கும் ஒரே விதியா? இந்த ஒரு சொல்லுக்கு நான் எந்தச் சமாதானமும் கண்டுபிடிக்க முடியவில்லை.

நீதிமன்றம் என்ன சொல்லும்? 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்றாண்டு முடியுமுன் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றது. வேலையில் இருக்கும் காலத்தைப் பற்றிய கட்டுப்பாடு, ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு தடுக்கும் தொழில் தடை ஆகாது என்பது அதன் நிலை. எச்.ஆர். துறையினர் பலர் இந்தத் தீர்ப்பைக் காட்டுகிறார்கள். ஆனால் அது ஒரு பொதுத்துறை வங்கி. திறந்த போட்டியில் ஆள் எடுக்க ஆகும் செலவையும் காலத்தையும் நீதிமன்றம் எடைபோட்டுத்தான் அந்தத் தொகையை ஏற்றது. ஒப்பந்தத்தில் போட்ட தொகை எதுவானாலும் செல்லும் என்று அதற்குப் பொருள் இல்லை. 74ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது: ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே, அதற்குள் நியாயமான ஈடுதான் கிடைக்கும். குறையாமல் நிற்கும் 6 லட்சம் அங்கே தடுமாறும்.

நடைமுறையில் விவகாரம் நீதிமன்றம் வரை போவது அபூர்வம். ரிலீவிங் லெட்டர் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அது இல்லாமல் அடுத்த இடத்தில் சேர முடியாது என்பதால், கேட்டதைக் கட்டிவிட்டுப் போகிறார்கள். சிலரிடம் இதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் கேட்கப்பட்டிருக்கிறது. அதைக் கட்டவே வேண்டாம்: 2022 ஆகஸ்டில் மறைமுக வரிகள் வாரியம் வெளியிட்ட 178ஆம் எண் சுற்றறிக்கை, வேலையை விட்டதற்காகப் பிடிக்கும் சம்பளத்துக்கும் பாண்டு தொகைக்கும் ஜிஎஸ்டி இல்லை என்று தெளிவாகச் சொல்கிறது.

இனி பெர்ஃபார்மன்ஸ் போனஸ். முந்தைய ஆண்டில் வைத்த இலக்கை எட்டியதற்காக, மதிப்பீடு முடிந்து, தரம் போட்டுக் கொடுத்த பணம் அது. வேலை நடந்துவிட்டது; அதன் பலனை நிறுவனம் எடுத்துக்கொண்டுவிட்டது. பிறகு ஒருவர் விலகுவது அந்த வேலையை எப்படி இல்லாமல் ஆக்கும்? 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம்கூட, மோசடி, பணியிடத்தில் வன்முறை, திருட்டு, நாசவேலை ஆகியவற்றுக்காக வேலைநீக்கம் செய்யப்பட்டால்தான் போனஸ் உரிமை போகும் என்றது. ராஜினாமா அந்தப் பட்டியலில் இல்லை. அந்தச் சட்டம் குறைந்த சம்பளக்காரர்களுக்கானது, இவளுக்குப் பொருந்தாது என்பது தெரியும். ஆனாலும் அதில் உள்ள தர்க்கம் 26 லட்சத்துக்கும் ஒன்றுதான்.

க்ளாபேக் என்ற சொல் இந்த வகைப் பணத்தோடு பொருந்துவது தவறு நடந்த இடத்தில். 2019 ஜனவரியில் ஐசிஐசிஐ வங்கி, விசாரணை அறிக்கைக்குப் பின், தன் முன்னாள் தலைமைச் செயல் அதிகாரி சந்தா கோச்சருக்கு 2009 ஏப்ரல் முதல் 2018 மார்ச் வரை கொடுத்த போனஸைத் திரும்பப் பெறப் போவதாக அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் ரிசர்வ் வங்கி, தனியார் வங்கிகளின் உயரதிகாரிகளுக்கான மாறும் சம்பளத்தில் இத்தகைய பிரிவைக் கட்டாயமாக்கியது. அங்கே கேள்வி, போனஸைக் கணக்கிட்ட அடிப்படையே சரியா என்பது. அதே சொல்லை எடுத்து, வேறு வேலை கிடைத்துப் போகிற ஒரு எஞ்சினியர்மேல் போடுவது சொல்லின் கனத்தைக் கடன் வாங்குவது.

இரண்டு வகைப் பணத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டைச் சட்டமாகவே எழுதிய இடம் கலிஃபோர்னியா. 2026 ஜனவரி 1 முதல் அங்கே ஏபி 692 என்ற சட்டம், வேலையை விட்டால் பணம் கட்டு என்னும் ஒப்பந்தங்களைப் பொதுவாகத் தடுக்கிறது; சேரும்போது தரும் போனஸுக்கு விலக்கு தருகிறது. அதற்கும் நிபந்தனை உண்டு. வேலை ஒப்பந்தத்திலிருந்து பிரித்துத் தனித்தாளில் எழுத வேண்டும். வழக்கறிஞரைக் கேட்க ஐந்து வேலை நாள் தர வேண்டும். காலம் இரண்டாண்டைத் தாண்டக் கூடாது, தொகை மாதவாரியாகக் குறைய வேண்டும், வட்டி கூடாது. பணியாளர் தாமே விலகினாலோ, ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டாலோதான் கேட்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று: முதலிலேயே பணம் வேண்டாம், காலம் முடிந்தபின் தாருங்கள் என்று சொல்லும் உரிமையும் பணியாளருக்கு உண்டு. அப்போது திருப்பித் தரும் பேச்சே எழாது. வேலைத்திறனுக்காகத் தரும் போனஸ் இந்த விலக்கில் வரவே இல்லை.

இந்த அளவுகோலை நம் ஊர் லெட்டரின்மேல் வைத்தால் என் முடிவு இதுதான். ஜாயினிங் போனஸ் க்ளாபேக் ஏற்கத்தக்கது: மாதவாரியாகக் கழித்து, வரி போகக் கைக்கு வந்த தொகையில், தானாக விலகினால் மட்டும், ராஜினாமா கொடுத்த நாளையா கடைசி வேலை நாளையா கணக்கில் எடுப்பது என்று தெளிவாக எழுதியிருந்தால். 90 நாள் நோட்டீஸ் உள்ள இடத்தில் இந்தக் கடைசி விவரம் மூன்று மாதத் தொகையை மாற்றும். பெர்ஃபார்மன்ஸ் போனஸ் க்ளாபேக், பொய்க் கணக்கு காட்டி வாங்கியது நிரூபணமானாலன்றி, ஏற்கத்தக்கதல்ல.

இருவரும் உட்கார்ந்து அந்தப் பத்தியை மாற்றி எழுதினோம்: "போனஸ் கைக்கு வந்த நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் பணியாளர் தாமாக விலகினால், வரி போகப் பெற்ற தொகையில், கடைசி வேலை நாள்வரை முடிந்த ஒவ்வொரு மாதத்துக்கும் 24இல் ஒரு பங்கைக் கழித்து, மீதியைத் திருப்பித் தர வேண்டும்." போனஸ் பெற்ற நாள் என்று எழுதினால் காலம் சற்று நீளும், அதற்குப் பதிலாக, போனஸ் தாமதமாக வந்தால் அது வராத காலத்துக்கு அவள் கட்டுப்பட மாட்டாள் என்பதால் அப்படியே விட்டோம். அதை ஆங்கிலத்தில் எழுதி எச்.ஆருக்கு அனுப்பினாள்.

நான்கு நாளில் பதில் வந்தது. மாதவாரிக் கழிவுக்கும், தாமாக விலகினால் மட்டும் என்பதற்கும் சரி என்றார்கள். வரி போன தொகை என்பதற்கு, அதே நிதியாண்டில் விலகினால் மட்டும் என்று எழுதித் தந்தார்கள். பெர்ஃபார்மன்ஸ் போனஸ் பிரிவு எல்லோருக்கும் பொதுவானது, எடுக்க முடியாது என்றார்கள்.

"போடட்டுமா சித்தப்பா?" என்று கேட்டாள். ஜாயினிங் போனஸ் பாதிக்கு மேல் சரியாகிவிட்டது, போடு என்றேன். ஆனால் முதல் இரண்டு ஆண்டுகளில் பெர்ஃபார்மன்ஸ் போனஸ் வந்ததும் வரி போக அந்தத் தொகையைத் தனி டெபாசிட்டில் போட்டு, பன்னிரண்டு மாதம் தொடாமல் வை என்றும் சொன்னேன். உழைத்து வாங்கிய பணத்தை ஓராண்டு தன்னுடையதில்லை என்று எண்ணி வைக்கச் சொல்ல வேண்டியிருந்தது; அந்தப் பிரிவை நான் ஏற்காததற்குக் காரணமும் அதுவே.