பச்சை கொஞ்சம் நீலம் பக்கம்

வண்டிப்பெரியாரில் தேயிலைத் தூள், ஏலக்காய், மிளகு விற்கும் சிறிய கடைக்காரர் ஒருவர், கம்பத்தில் உள்ள அச்சகத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். கடைக்குப் புதிய போர்டு வந்திருக்கிறது. அதன் நிறம், முன்பு அவர் பார்த்து ஒப்புக்கொண்ட சாம்பிளோடு சேரவில்லை. விஷயம் இவ்வளவுதான். ஆனால் அதை அவர் எழுதியிருக்கும் விதத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

போர்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பத்தடிக்கு மூன்றடி. கேரளத்தில் பிவிசி ஃபிளெக்ஸுக்கு 2019-ல் தடை வந்ததால், ஏசிபி ஷீட்டின் மேல் வினைல் ஸ்டிக்கர் ஒட்டிய போர்டு. கரும்பச்சைத் தரை, மஞ்சள் எழுத்து, சுற்றிலும் மெரூன் பார்டர். மேல்வரி மலையாளம், கீழ்வரி தமிழ். தூள் பாக்கெட்டின் கவரில் எந்தப் பச்சை இருக்கிறதோ, அதே பச்சைதான் போர்டிலும் வேண்டும் என்று கேட்டிருந்தார். அச்சகத்தார் ஒரு துண்டு வினைலில் மூன்று நிறங்களையும் அடித்துக் காட்டினார்கள். இருவரும் அதன் பின்பக்கம் கையெழுத்துப் போட்டு, இரண்டாக வெட்டி ஆளுக்கொரு பாதி வைத்துக்கொண்டார்கள். கடைக்காரர் தன் பாதியைக் கணக்கு நோட்டுக்குள் வைத்திருந்தார். வெயில் படாமல் இருந்ததால் அந்தத் துண்டின் நிறம் மாறவில்லை. இந்தக் கடிதத்துக்கு வலு சேர்ப்பது அந்தத் துண்டுதான்.

‘அன்புள்ள அண்ணனுக்கு, வணக்கம். போர்டு சேதமில்லாமல் வந்து சேர்ந்தது. எழுத்து சுத்தமாக இருக்கிறது, மலையாள வரியில் பிழை இல்லை’ என்று தொடங்குகிறது. சரியாக இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறார். மரியாதைக்காக மட்டும் எழுதிய வரி அல்ல இது. எதையெல்லாம் திரும்பத் தொட வேண்டாம் என்பது அச்சகத்தாருக்கு இங்கேயே தெரிந்துவிடுகிறது.

அடுத்து வருவது நான் மிகவும் ரசித்த இடம். ‘சாம்பிளைப் போர்டின் மேல் ஓரத்தோடு ஓரம் ஒட்ட வைத்துப் பார்த்தேன். காலை பத்து மணி, கடை வாசல் நிழல், உள்ளே டியூப்லைட்டை அணைத்துவிட்டேன். மஞ்சள் அப்படியே இருக்கிறது. பச்சை கொஞ்சம் நீலம் பக்கம் போயிருக்கிறது. மெரூன் மங்கி, காப்பிக்கொட்டை நிறமாகத் தெரிகிறது.’

‘கலர் சரியில்லை’ என்று மட்டும் எழுதியிருந்தால் அச்சகத்தார் எங்கிருந்து தொடங்குவார்? மையைச் சந்தேகிப்பாரா, மெஷினையா, ஃபைலையா? இந்த மூன்று சிறிய வாக்கியங்கள் அந்தத் தேடலைக் கிட்டத்தட்ட முடித்துவைக்கின்றன. வினைல் பிரிண்டிங்கில் அடிப்படை மை நான்கு: சயான் என்கிற நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. பச்சை என்பது நீலமும் மஞ்சளும் சேர்ந்தது. அது நீலம் பக்கம் சாய்ந்தால், மஞ்சள் குறைந்திருக்க வேண்டும், இல்லையேல் நீலம் கூடியிருக்க வேண்டும். இரண்டில் எது? ‘மஞ்சள் அப்படியே இருக்கிறது’ என்ற வரி அதைச் சொல்லிவிடுகிறது. எழுத்தில் இருப்பது ஏறக்குறைய முழுக்க மஞ்சள் மை. அது கெடவில்லை என்றால் மஞ்சள் ஒழுங்காகத்தான் விழுந்திருக்கிறது, கூடியது நீலம். மெரூனும் அதற்கே சாட்சி சொல்கிறது. மெஜந்தாவும் மஞ்சளும் கலந்த சிவப்பில் நீலம் அளவுக்கு மேல் சேர்ந்தால் சிவப்பின் துடிப்பு போய்ப் பழுப்பேறும். நீலம் சேராத நிறம் ஒன்று தப்பித்திருக்கிறது, நீலம் சேரும் நிறங்கள் இரண்டும் சாய்ந்திருக்கின்றன. கெட்டதை எல்லாரும் எழுதுவார்கள். கெடாத மஞ்சளையும் கவனித்து, அதற்கொரு வாக்கியம் ஒதுக்கிய கண்ணை என்னவென்று பாராட்டுவது!

பார்த்த நேரத்தையும் இடத்தையும் குறித்திருப்பதிலும் அதே நிதானம் தெரிகிறது. டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு நிறம், நேர் வெயிலில் இன்னொரு நிறம். அந்த ஊரில் மலையிலிருந்து மஞ்சு இறங்கிவிட்டால் எல்லா நிறமும் சாம்பல் பூசிக்கொள்ளும். சாம்பிளையும் போர்டையும் ஒரே நிழலில், ஒன்றையொன்று தொட வைத்துப் பார்த்தால், வெளிச்சம் என்ன செய்தாலும் இரண்டுக்கும் சேர்த்தே செய்யும். மிச்சமாகத் தெரியும் வித்தியாசம் அச்சின் வித்தியாசம். ‘அங்கே லைட் வேற மாதிரி இருந்திருக்கும்’ என்ற பதிலுக்கு இனி இடமில்லை. கடிதத்தில் அதட்டல் ஒரு சொல்கூட இல்லாமலே அந்தக் கதவு சாத்தப்பட்டிருக்கிறது.

போனில் படம் எடுத்து அனுப்பாததற்கும் காரணம் எழுதியிருக்கிறார். ‘போட்டோவில் என் போன் ஒரு பச்சை காட்டுகிறது, மகன் போன் வேறொரு பச்சை காட்டுகிறது. அதனால் போர்டின் ஓரத்தில் மடிப்புக்குள் போகும் இடத்திலிருந்து விரலகலம் ஸ்டிக்கரை உரித்து இதோடு வைத்திருக்கிறேன். உங்களிடம் உள்ள பாதியோடு சேர்த்துப் பாருங்கள்.’ கேமரா வெண்மையைத் தானே ஊகித்து நிறத்தைத் திருத்திக்கொள்ளும். ஒவ்வொரு திரையும் அதைத் தன் போக்கில் காட்டும். அனுப்பிய துண்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதிலும் மடிப்புக்குள் மறையும் ஓரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறாரே, அந்த நுட்பம்!

பிறகு கேட்கிறார்: ‘முழு போர்டையும் உடனே அடிக்க வேண்டாம். சாம்பிள் அடித்த அதே மெஷினில், அதே வினைலில், அதே மேட் லேமினேஷனோடு ஒரு சாண் அகலத்துக்கு மூன்று நிறமும் அடித்து, ஒரு நாள் காயவிட்டு அனுப்புங்கள்.’ மேட் லேமினேஷன் கரும்பச்சையைச் சற்று வெளிறக் காட்டும். பளபளப்பான லேமினேஷன் அழுத்தமாகக் காட்டும். அது மாறினால் மை சரியாக இருந்தும் நிறம் தப்பும். சால்வென்ட் மை முழுதும் காய்வதற்குள் தீர்ப்புச் சொல்லக் கூடாது, லேமினேட் செய்யவும் கூடாது. இவையெல்லாம் தொழிலில் இருப்பவர்கள் பேசுகிற பேச்சு. சாம்பிள் அடித்த அன்று பக்கத்தில் நின்று கேட்டு மனதில் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

எவ்வளவு ஒத்துப்போனால் போதும் என்பதற்கும் அவரிடம் அளவு இருக்கிறது. ‘நூற்றுக்கு நூறு கேட்கவில்லை. மெரூனில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. பச்சை மட்டும், எதிர்ச் சாரியில் நின்று பார்த்தால் கவரும் போர்டும் ஒன்றாகத் தெரிய வேண்டும்.’ வினைல் ரோல் மாறினாலே நிறம் ஒரு இழை மாறும் தொழில் இது. கேட்கக்கூடியதை மட்டும் கேட்டு, கேட்டதைச் சோதிக்க ஒரு தூரத்தையும் தந்துவிடுகிறார். கம்பம், குமுளி வழியாகச் சபரிமலைக்குப் போகிறவர்கள் ஓடும் வண்டியிலிருந்து பார்க்கும் தூரமும் ஏறக்குறைய அதுதான். ‘கார்த்திகை ஒண்ணாம் தேதிக்கு முன் மாட்டிவிட்டால் நல்லது’ என்று நாளும் குறித்திருக்கிறார்.

பண விஷயம் இரண்டே வரி. ‘ஷீட்டும் ஃபிரேமும் நன்றாக இருக்கின்றன, அவற்றை மாற்ற வேண்டாம். ஸ்டிக்கர் உங்கள் பொறுப்பு, ஆள் வந்து ஒட்டிப்போகும் வண்டிச் செலவு என்னுடையது.’ நஷ்டத்தை வினைல் அளவோடு நிறுத்தி, அதில் தானும் ஒரு பங்கை ஏற்றுக்கொள்கிறார். இதைப் படிக்கும் அச்சகக்காரருக்கு மறுக்க மனம் வருமா?

வரவில்லை. சாண் துண்டு பஸ் பார்சலில் வந்தது. பச்சையும் மெரூனும் சாம்பிளோடு சேர்ந்தன. போர்டு அடித்த அன்று வேறொரு மீடியாவுக்கான புரொஃபைல் தேர்வாகியிருந்தது என்று அச்சகத்தார் போனில் சொன்னாராம். அந்தத் தவறான புரொஃபைலில்தான் நீலம் கூடுதலாக விழுந்திருக்கிறது. பிறகு ஆள் வந்து, ஹீட் கன்னால் பழைய ஸ்டிக்கரைச் சூடுகாட்டி உரித்துவிட்டு, அதே ஷீட்டில் புதியதை ஒட்டினார். துண்டு கிழித்த ஓரமும் அதோடு மறைந்தது.