மேல்வரம்பு காக்காத லாபம்

இம்பேர்மென்ட் பற்றிய பயிற்சி வகுப்புகளில் ஒரு வாதம் தவறாமல் வரும். இயந்திரத்தின் ஏட்டு மதிப்பை ஓர் ஆண்டு குறைத்துவிட்டு, நிலைமை சீரானதும் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். மேல்வரம்பு இருப்பதால் இதில் முறைகேட்டுக்கு இடமில்லை என்பார்கள். குறைக்காமலே விட்டிருந்தால் தேய்மானம் போக இன்று எவ்வளவு நின்றிருக்குமோ, அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட ஏற்ற முடியாது என்பது இண்ட் ஏஎஸ் 36-இன் விதி. விதி நல்ல விதிதான். ஆனால் அது காப்பது பேலன்ஸ் ஷீட்டை மட்டுமே. எந்த ஆண்டுக்கு எவ்வளவு லாபம் என்ற கேள்விக்குள் அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

ஒரு காற்றாலையை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான இயந்திரங்கள் தனியாகப் பணம் ஈட்டுவதில்லை. அவற்றைச் சேர்ந்த பிற இயந்திரங்களோடு ஒரு தொகுதியாக வைத்துத்தான் சோதிக்க வேண்டும். காற்றாலைக்கோ தனி மீட்டர் உண்டு, அது தரும் யூனிட்டும் வருமானமும் தனியே தெரியும். ஆரல்வாய்மொழிப் பக்கம் நிற்கும் ஒரு காற்றாலைக்கு 11 கோடி ரூபாய் செலவானது, ஆயுள் 22 ஆண்டு என்று வைப்போம். கணக்கு எளிதாக இருக்க, கடைசியில் கிடைக்கும் இரும்பு விலையை விட்டுவிடுவோம். ஆண்டுக்கு 50 லட்சம் தேய்மானம். எட்டு ஆண்டு முடிந்தபோது ஏட்டு மதிப்பு 7 கோடி.

அந்த ஆண்டு கியர்பாக்ஸ் பழுதாகிக் காற்று சீசனில் பாதி போய்விட்டது. மீதி நாட்களில் லைன் கொள்ளாமல் மின்வாரியம் உற்பத்தியைக் குறைக்கச் சொன்னது. இனி ஆண்டுக்கு நிகரமாக 57 லட்சம்தான் கைக்கு வரும் என்று நிர்வாகம் கணிக்கிறது. மீதமுள்ள 14 ஆண்டு வரவை 10 சதவீத வீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் ஏறக்குறைய 4.20 கோடி. இதுதான் பயன்பாட்டு மதிப்பு. விற்றால், இறக்கும் செலவும் தரகும் போக 3.70 கோடி கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டில் பெரியதே மீட்கத்தக்க தொகை. புத்தியுள்ள உரிமையாளர் விற்பது, ஓட்டுவது இரண்டில் எது லாபமோ அதைத்தானே செய்வார்? எனவே ஏட்டு மதிப்பு 4.20 கோடிக்கு இறங்குகிறது, 2.80 கோடி நட்டம். தேய்மானமும் ஆண்டுக்கு 30 லட்சமாகக் குறைகிறது.

இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. ஈட்ட முடியாத பணத்தைச் சொத்து என்று ஏட்டில் சுமந்து திரிவது பொய்க் கணக்கு. அமெரிக்க விதியோ வட்டி கழிக்காத வரவைத்தான் முதலில் பார்க்கிறது: 57 லட்சத்தை 14-ஆல் பெருக்கினால் 7.98 கோடி, ஏட்டு மதிப்பான 7 கோடியைவிட அதிகம். அதனால் அங்கே இந்தக் காற்றாலைக்கு நட்டமே இல்லை. ஒருமுறை குறைத்தால் தொடர்ந்து பயன்படுத்தும் சொத்துக்குத் திரும்ப ஏற்றவும் அங்கே வழியில்லை. அந்த முரட்டு விதியை நான் ஆதரிக்கவில்லை.

சிக்கல் இரண்டு ஆண்டு கழித்து வருகிறது. ஏட்டு மதிப்பு இப்போது 3.60 கோடி. புதிய லைன் வந்துவிட்டது, மின்சாரத்தைச் சொந்த ஆலைக்கே எடுத்துக்கொள்ளப் போகிறோம், ஆகவே ஆண்டுக்கு 90 லட்சம் கிடைக்கும் என்கிறது நிர்வாகம். மீதி 12 ஆண்டு வரவு, அதே 10 சதவீதத்தில், ஏறக்குறைய 6.13 கோடி. மேல்வரம்பு 6 கோடி. ஆக 2.40 கோடி ஏற்றப்பட்டு, மொத்தமும் அந்த ஒரே ஆண்டின் லாபத்தில் விழுகிறது. விதி மீறப்படவில்லை, ஆடிட்டர் கையெழுத்திடலாம்.

கூட்டிப் பாருங்கள். எட்டாம் ஆண்டு 2.80 கோடி நட்டம். அடுத்த இரண்டு ஆண்டும் தேய்மானத்தில் 20 லட்சம் வீதம் மிச்சம், பிறகு 2.40 கோடி ஏற்றம். மூன்றும் சேர்ந்து பழைய நட்டத்தைச் சரியாக அழித்துவிடுகின்றன. பத்தாம் ஆண்டு முடிவில் ஏடு எதுவுமே நடக்காததுபோல 6 கோடியில் நிற்கிறது. மேல்வரம்பை மெச்சுபவர்கள் இதைத்தான் பெருமையாகக் காட்டுகிறார்கள். எனக்கு இதுதான் குற்றப்பத்திரிகை. புதிதாக வந்த நிர்வாக இயக்குநர் முதல் ஆண்டிலேயே நட்டத்தைக் கொட்டி, பழியை முந்தையவர் தலையில் போட்டுவிட்டு, இரண்டு ஆண்டு கழித்து மீட்சியைத் தன் சாதனையாகக் காட்ட இதைவிட வசதியான வழி வேண்டாம். மேல்வரம்பு அவரைத் தடுப்பதில்லை. எவ்வளவு தொகையை ஆண்டு மாற்றிப் போடலாம் என்று அளந்து தருகிறது.

குறைத்ததும் ஒரு கணிப்பு, ஏற்றியதும் ஒரு கணிப்பு, இரண்டையும் எழுதியது ஒரே நிர்வாகம். 90 லட்சம் என்பதை 75 லட்சம் என்று எழுதியிருந்தால் மீட்கத்தக்க தொகை 5.11 கோடிதான், ஏற்றம் 1.51 கோடிதான். ஆண்டுக்கு 15 லட்சம் என்ற ஊகம் அந்த ஆண்டு லாபத்தில் 89 லட்சத்தைக் கூட்டுகிறது. ஒரு பைசா ரொக்கம் அசையவில்லை.

தரநிலை எழுதியவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். பழைய 57 லட்சத்தையே வைத்துக்கொண்டாலும், ஆண்டுகள் நெருங்கி வருவதால் மட்டும் மீட்கத்தக்க தொகை 3.88 கோடியாகி 3.60-ஐத் தாண்டிவிடும். இந்த 28 லட்சத்தை ஏற்றக் கூடாது, கணிப்பின் அடிப்படையே மாறியிருக்க வேண்டும் என்று விதி தடுக்கிறது. வெளிச்சான்றுக்கு அதிக எடை தர வேண்டும், பழைய கணிப்புகள் பலித்தனவா என்று பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. சொல்வதோடு சரி. பலித்ததா இல்லையா என்பதை வாசகர் தெரிந்துகொள்ள வழி செய்யவில்லை. ஊகம் சற்றுப் பிசகினால் தொகை எவ்வளவு மாறும் என்று காட்டும் கட்டாயம், குட்வில்லோ ஆயுள் வரையறுக்காத அருவச் சொத்தோ உள்ள தொகுதிகளுக்கு மட்டுமே. தனியாக நிற்கும் ஒரு காற்றாலைக்கு, நடந்தது என்ன, தொகை எவ்வளவு, வட்டி வீதம் என்ன என்பதைச் சொன்னால் இந்தத் தரநிலைக்குப் போதும். 90 லட்சம் என்ற அந்த எண்ணை வெளியிட அது கட்டாயப்படுத்துவதில்லை.

சீனாவில் தொடர் நட்டத்தால் பங்குச்சந்தைப் பட்டியலிலிருந்து நீக்கப்படும் அபாயத்தில் இருந்த நிறுவனங்கள் இந்த மதிப்புக் குறைப்பையும் ஏற்றத்தையும் லாபம் காட்டும் கருவியாக்கின. 2006-இல் வெளியிடப்பட்டு 2007 முதல் நடைமுறைக்கு வந்த தரநிலையில், நீண்டகாலச் சொத்துகளுக்கு ஏற்றத்தையே அந்த நாடு தடைசெய்தது. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஆனால் எதிர்காலக் கணிப்பை மட்டும் நம்பி ஏற்றும் உரிமையைப் பறிக்க வேண்டும். இந்தக் காற்றாலைக்கு வேண்டிய சான்று அதன் மீட்டரிலேயே இருக்கிறது. இரண்டு சீசன் ரீடிங் 90 லட்சத்துக்கு ஈடாக வந்த பிறகு ஏற்றட்டும். அல்லது அந்த விலைக்கு வாங்க ஒருவர் எழுத்தில் முன்வரும்போது ஏற்றட்டும். அதுவரை கூடுதல் வருமானம் வந்தால் அது அந்தந்த ஆண்டு லாபத்தில் தானாகவே தெரியும். அதனால் யாருக்கும் நட்டமில்லை.

பங்குதாரர்கள் ஆண்டறிக்கையில் இப்படி ஒரு ஏற்றத்தைக் கண்டால், முதலில் அதைக் கழித்துவிட்டு அந்த ஆண்டு லாபத்தைப் பாருங்கள். பிறகு ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இரண்டு எண்களைக் கேளுங்கள்: மதிப்பைக் குறைத்தபோது கணித்த வரவு எவ்வளவு, அதன்பின் உண்மையில் வந்தது எவ்வளவு? இரண்டையும் தர மறுக்கும் நிர்வாகத்தின் ஏற்றத்தை லாபமாக எண்ணாதீர்கள்.