வருஷத்தைக் குறைப்பதா, இஎம்ஐயைக் குறைப்பதா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்த்துக்கொண்டு கவரைப்பேட்டையிலோ பொன்னேரியிலோ கடனில் வீடு வாங்கியவர்கள் பலர். அவர்கள் கைக்கு போனஸோ சீட்டுப் பணமோ வந்தால் உடனே ஒரு யோசனை வரும்: "பார்ட் பேமென்ட் கட்டி வருஷத்தைக் குறைச்சுக்கோ, இஎம்ஐயைக் குறைக்காதே." இதன் முன்பாதி சரி. பின்பாதியை எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை.

20 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருஷம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 17,356 ரூபாய். மூன்று வருஷம் கட்டிய பிறகும் அசலில் சுமார் 18.70 லட்சம் நிற்கும். ஆரம்பத் தவணைகளில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடுகிறது. இப்போது 2 லட்சம் கட்டுகிறோம். தவணையை மாற்றாமல் விட்டால், பாக்கியுள்ள 204 மாதம் 162 ஆகக் குறையும். மிச்சமாகும் வட்டி சுமார் 5.28 லட்சம். மாதங்களை அப்படியே விட்டுத் தவணையைக் குறைத்தால் அது 15,500 ஆகும். மிச்சம் சுமார் 1.79 லட்சம்தான்.

இந்த இரண்டு தொகைகளைக் காட்டித்தான் முதல் வழியே லாபம் என்கிறார்கள். ஆனால் அதைத் தேர்ந்தவர் மாதாமாதம் 1,856 ரூபாய் கூடுதலாகவும் கட்டிவருகிறார். 162 மாதத்தில் அதுவே 3 லட்சம். அந்தப் பணமும் சேர்ந்துதான் கூடுதல் வட்டியை மிச்சப்படுத்துகிறது. கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் கிடைக்கும் பலன் இரண்டு வழியிலும் அதே 8.5 சதவீதம்தான்.

ஓவர்டைம் நின்றாலோ ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாவிட்டாலோ வருமானம் சட்டென்று இறங்கும் வீட்டுக்கு, குறைந்த தவணைதான் பாதுகாப்பு என்பது என் கருத்து. நல்ல மாதங்களில் அந்த 1,856 ரூபாயைச் சேர்த்துவைத்து அசலில் கட்டலாம். சில வங்கிகள் சிறு தொகையை ஏற்பதில்லை. குறைந்தபட்சம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கையில் காசு நிற்காது என்று தெரிந்தவருக்கும், ஓய்வுக்குள் கடன் முடிய வேண்டியவருக்கும் வருஷத்தைக் குறைப்பதே நல்லது.

இரண்டு வழிக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. சாதாரண வீட்டுக் கடனில் கட்டிய பணத்தைத் திரும்ப எடுக்க முடியாது. இருப்பதையெல்லாம் கட்டிவிட்டு, அடுத்த மாதம் மருத்துவமனைச் செலவுக்கு வீட்டுக் கடனைவிட அதிக வட்டிக்கு நகையை அடகு வைத்தால், கட்டியதன் பலன் போய்விடும். ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியே வைத்த பிறகே மீதியைத் தொட வேண்டும்.

மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012இல் சொல்லிவிட்டது. நிலையான வட்டி என்றால் ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும்.

பணம் கட்டும்போது, அசலில் வரவு வைக்க வேண்டும் என்பதையும், எதைக் குறைக்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அது வரும் மாதங்களின் முன்பணத் தவணையாக நிற்கக்கூடும். அதைக் கண்டுபிடிப்பது எளிது. நம் கணக்கில் மாத வட்டி 13,244 ரூபாயிலிருந்து 11,827 ஆக இறங்க வேண்டும். அடுத்த முழு மாத ஸ்டேட்மென்ட்டில் வட்டி பழையபடியே இருந்தால், 2 லட்சம் இன்னும் அசலில் சேரவில்லை.