ஒரு கோழிக்கு நான்கு விலை

மலைமேலுள்ள கம்போங் ராஜாவில் சம்பள நாளை ஒட்டி இறைச்சி வாங்க வரும் தோட்டத்து மக்கள், கடைக்குக் கடை கிலோ விலையை விசாரித்து, குறைந்த எண்ணைச் சொன்னவரிடம் வாங்கித் திரும்புவது விவேகமான காரியமாகவே தோன்றும். ஆயினும் அந்த எண்கள் ஒரே நிலையிலுள்ள பொருளைக் குறிப்பவைதாமா என்று விசாரிக்காதவரையில் அந்த விவேகம் வெறும் பிரமையே.

2022 ஜூலை முதல் தேதியன்று அரசாங்கம் தீபகற்ப மலேசியாவில் 'ஸ்டாண்டர்ட்' கோழிக்குக் கிலோ 9.40 வெள்ளி என்று உச்ச விலை விதித்தது. தலை, கால், ஈரல், இரைப்பை ஆகியவற்றுடன் நிறுக்கப்படுவது ஸ்டாண்டர்ட். அவை நீக்கப்பட்டது 'சூப்பர்'. உயிரோடு 2 கிலோ இருக்கும் கோழி, இரத்தமும் இறகும் குடலும் போக ஏறக்குறைய 1.6 கிலோவாகும், அந்த விலைக்கு 15.04 வெள்ளி. தலையும் காலும் உள்ளுறுப்புகளும் போனால் சுமார் 1.4 கிலோ நிற்கும். எலும்பும் நீங்கினால் சதை 900 கிராம் அளவே. ஆகவே, அதே கோழி, அதே பணம். உயிரெடையில் கிலோ 7.52 வெள்ளி, ஸ்டாண்டர்டாக 9.40, சூப்பராக 10.74, சதையாக 16.71. சூப்பர் கோழியை 10.50 வெள்ளிக்கு விற்பவர், 9.40 சொல்பவரைவிட மலிவாகவே விற்கிறார் என்பது, வகுத்துப் பார்த்தாலொழியப் புலப்படாது.

மீனில் இவ்விஷயம் இன்னும் சூக்ஷ்மமானது. கடலில்லாத இம்மலைக்குப் பனிக்கட்டியில் வரும் கானாங்கெளுத்தியை முழுதாக நிறுத்துப் பணம் வாங்கிய பிறகே வியாபாரி சுத்தம் செய்கிறார்; தலையும் குடலும் போனால் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். துண்டு போட்டு விற்கப்படும் திருக்கை அல்லது வஞ்சிரத்தின் விலையை அதனோடு நேரே ஒப்பிடுவது நியாயமன்று.

எனினும் உண்ணத்தக்க எடையையே பிரமாணமாகக் கொள்ளும் முறையிலும் தோஷமுண்டு. கோழிக்காலைச் சூப்புக்கும் மீன்தலையைக் குழம்புக்கும் உபயோகிக்கும் வீட்டில் அவற்றைக் கழிவென்று தள்ளிக் கணக்கிடுவது பொய்க்கணக்கு. அவர்களுக்கு ஸ்டாண்டர்டே லாபம். மேலும், கழிவின் விழுக்காடு கோழியின் பருமனுக்கும் கத்தி பிடிக்கும் கைக்கும் தக்கபடி மாறுவதால், பிறர் தரும் எண்ணை நம்புவதைவிட, சுத்தம் செய்த மீனை மறுபடி தராசில் வைக்கச் சொல்வதும், உறைந்த இறைச்சியை நீர் வடிந்தபின் வீட்டில் ஒருமுறை நிறுப்பதுமே உத்தமம். சட்டியில் விழும் எடையால் கொடுத்த பணத்தை வகுத்தபின் கிடைக்கும் எண்ணே அந்த வீட்டுக்குரிய விலை.